கத்தி பட்ட பிறகு பிறக்கும் மணம்

கொடைக்கானல் மலைப்பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டிச் சமையலறையில் தொங்கவிட்டிருப்பார்கள். மாதக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். பக்கத்தில் போய் நின்றால்கூடப் பெரிதாக வாசனை எதுவும் தெரியாது. அதிலிருந்து நாலு பல்லைப் பிய்த்து, உரலில் போட்டு ஒரு தட்டு தட்டினால் போதும், கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இன்றைக்கு ரசம் என்று தெரிந்துவிடும்.

பூண்டுக்குள் அடைபட்டிருந்த வாசனை தோல் உடைந்ததும் வெளியே வந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதுவல்ல. முழுப் பூண்டுக்குள் அந்த வாசனைப் பொருளே இல்லை. தட்டிய பிறகு, தட்டியவர் கண் எதிரிலேயே, அது புதிதாக உண்டாகிறது. வெங்காயமும் அப்படித்தான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், முழுப் பல்லாகப் போட்ட பூண்டுக் குழம்பு ஏன் சாதுவாக இருக்கிறது, தட்டிப்போட்ட ரசம் ஏன் வீடு முழுக்க மணக்கிறது, பச்சையாக அரைத்த பூண்டுச் சட்னி ஏன் நாக்கைச் சுடுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முழுப் பூண்டில் இருப்பது அல்லின் என்ற கந்தகச் சேர்மம். அதற்கு வாசனை கிடையாது. புதிய பூண்டின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அதுதான். அதே பல்லில், வேறு வகைச் செல்களுக்குள் அல்லினேஸ் என்ற நொதி இருக்கிறது. பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டினால் ஆங்காங்கே சிறு புள்ளிகளாகத் தெரிபவை நீரும் சத்தும் ஓடும் நரம்புகள். அவற்றைச் சுற்றி உறைபோல் அமைந்த செல்களில்தான் இந்த நொதி செறிந்திருக்கிறது. அல்லினோ, சத்தைச் சேமிக்கும் சதைப்பகுதிச் செல்களில் இருக்கிறது. தீக்குச்சி மருந்தையும் பெட்டியின் உரசுபட்டையையும் தனித்தனியே வைத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தும், உரசாதவரை நெருப்பு இல்லை.

கத்தியோ குழவியோ பட்டுச் செல்கள் உடைந்தால் இரண்டும் கலந்துவிடுகின்றன. நொதி அல்லினை வெட்டுகிறது. வெட்டிய துண்டு ஒன்று மிகக் குறுகிய ஆயுள் கொண்ட ஓர் அமிலம். அந்த அமிலத்தின் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்தவுடன் அல்லிசின் பிறக்கிறது. தட்டிய பூண்டின் உறைப்பும் நெடியும் இந்த அல்லிசினால் வருபவை. இத்தனையும் நடந்து முடிய அதிக நேரம் ஆவதில்லை. நன்றாக நசுக்கினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே பெரும்பகுதி முடிந்துவிடும். பூண்டின் புரதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே நொதிதான் என்பதைப் பார்த்தால், இந்த வேலைக்காகச் செடி எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறது என்பது புரியும்.

செடிக்கு இது தற்காப்பு. மண்ணுக்குள் இருக்கும் பூண்டைப் புழுவோ பூஞ்சையோ கடித்துத் துளைக்கும்போது, கடித்த இடத்தில் மட்டும் அல்லிசின் உண்டாகிறது. கடிக்காத இடத்தில் ஒன்றும் நடப்பதில்லை. அல்லிசின் எந்தச் செல்லையும் பாதிக்கும் தன்மை கொண்டது, பூண்டின் சொந்தச் செல்களையும்கூட. அதனால் அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ள முடியாது. தேவைப்படும் நொடியில், தேவைப்படும் இடத்தில் மட்டுமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எவ்வளவு உடைக்கிறோமோ அவ்வளவு நெடி என்பது இதிலிருந்தே தெரியும். பல்லை நீளவாக்கில் இரண்டாகக் கீறினால் வெட்டுமுகத்தில் உள்ள செல்கள் மட்டும் உடைகின்றன. பொடியாக நறுக்கினால் அதைவிடப் பல மடங்கு. உரலில் நசுக்கினாலோ மிக்சியில் அரைத்தாலோ உடையாமல் தப்பும் செல் மிகக் குறைவு. ஒரே பூண்டு, ஒரே எடை, ஆனால் நெடி வேறு வேறு.

மூன்று ஆய்வுக்கூடங்கள், மூன்று பூண்டுகள்

பூண்டின் வேதியியலை அவிழ்க்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானிகள் ஒரே பூண்டை வெவ்வேறு வெப்பநிலைகளில் கையாண்டு, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருளைக் கண்டெடுத்தார்கள். சமையல்காரர்கள் அடுப்பங்கரையில் தினமும் செய்வதும் அதுதான்.

1844இல் தியோடர் வெர்தைம் என்ற வேதியியலாளர் பூண்டை நீராவியில் வாலை வடித்தார். கடும் மணமுள்ள எண்ணெய் கிடைத்தது. 1892இல் செம்லர் என்ற ஜெர்மானியர் அந்த எண்ணெயைப் பிரித்துப் பார்த்து, அதில் பெருமளவு இருப்பது டை அல்லைல் டைசல்ஃபைடு என்றார். பூண்டின் மணம் இதுதான் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆனால் வாலை வடிப்பது என்றாலே கொதிக்க வைப்பது. கொதித்த பூண்டில் கிடைத்த பொருள் கொதிக்காத பூண்டிலும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

1944இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வின்த்ராப் என்ற மருந்து நிறுவனத்தில் வேலை செய்த செஸ்டர் கவல்லிட்டோவும் அவருடைய சக ஆய்வாளர் பெய்லியும் கொதிக்க வைப்பதைத் தவிர்த்தார்கள். அரைத்த பூண்டு நாலு கிலோவை, அறை வெப்பத்திலேயே, ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்தார்கள். பல கட்டச் சுத்திகரிப்புக்குப் பிறகு மிஞ்சியது ஆறு கிராம் எண்ணெய். அது கிருமிகளைக் கொன்றது. வெர்தைமின் எண்ணெய் அல்ல அது, முற்றிலும் வேறு பொருள். அல்லிசின் என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் இவர்களே.

நாலு ஆண்டுகள் கழித்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஸ்டோலும் எவால்ட் சீபெக்கும் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். பூண்டைக் கடுங்குளிரில் வைத்தே ஆல்கஹாலில் சாறு எடுத்தார்கள். அந்தக் குளிரிலும் ஆல்கஹாலிலும் நொதியால் வேலை செய்ய முடியவில்லை. கிடைத்தவை நிறமற்ற, மணமே இல்லாத படிகங்கள். அதுதான் அல்லின். மணமில்லாத அந்தப் படிகத்தோடு நொதியைச் சேர்த்ததும் பூண்டு வாசனை எழுந்தது. முழுப் பூண்டு ஏன் மணப்பதில்லை என்ற கேள்வி அன்றைக்கு முடிவுக்கு வந்தது.

கடுங்குளிரில் அல்லின், அறை வெப்பத்தில் அல்லிசின், கொதிநிலையில் சல்ஃபைடு எண்ணெய். இந்த மூன்றும் தமிழ்ச் சமையலறையில் ஒரே நாளில் நடக்கின்றன.

குழம்பு, ரசம், சட்னி

பூண்டுக் குழம்பை எடுத்துக்கொள்வோம். இருபது முப்பது பல் பூண்டை உரித்து, முழுசாகவே நல்லெண்ணெயில் வதக்குவார்கள். உரிக்கும்போது நகம் பட்ட இடங்களில் மட்டும் கொஞ்சம் நெடி வரும். மற்றபடி அந்தப் பல் முழு உருவத்தோடு சூடான எண்ணெயில் விழுகிறது. அல்லினேஸ் ஒரு புரதம். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது செயலிழக்கத் தொடங்கிவிடும், கொதிநிலையை நெருங்கினால் சில நிமிடங்களில் முற்றிலும் செத்துவிடும். ஆக, வெப்பத்தால் செல்சுவர்கள் நெகிழ்ந்து அல்லினும் நொதியும் கலக்கும் வேளையில், நொதி பெரும்பாலும் வேலைக்கு உதவாமல் போயிருக்கும். உள்ளே வெப்பம் ஏறும் அந்தச் சில நொடிகளில் சிறிதளவு அல்லிசின் உண்டாகத்தான் செய்யும். அதுவும் பிறகு கொதியில் சிதைந்துவிடும்.

அதனால்தான் வெந்த முழுப் பல்லைச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டால் வெண்ணெய் போலக் கரைகிறது, இனிப்பும் தெரிகிறது. பூண்டின் மாவுச்சத்து நெல்லில் இருப்பது போன்ற ஸ்டார்ச் அல்ல. ஃப்ரக்டோஸ் கண்ணிகளால் ஆன ஃப்ரக்டான் என்ற சங்கிலி. நெடுநேரம் வேகும்போது, குறிப்பாகப் புளியின் அமிலம் கூட இருக்கும்போது, அந்தச் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து இனிப்பான ஃப்ரக்டோஸ் விடுபடும். பச்சைப் பூண்டில் இந்த இனிப்பு தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணம், அல்லிசினின் உறைப்பு அதை மறைத்துவிடுவது. பிள்ளை பெற்றவளுக்குப் பாலில் வேகவைத்துக் கொடுக்கும் பூண்டும் முழுப் பல்தான், அதுவும் இதே காரணத்தால்தான் நாக்கில் காரமில்லாமல் இறங்குகிறது.

ரசத்தில் வரிசை தலைகீழ். மிளகு, சீரகத்தோடு பூண்டைத் தோலோடு தட்டிப் போடுவார்கள். தட்டியபோதே அல்லிசின் உண்டாகிவிட்டது. கொதிக்கும் ரசத்தில் விழும்போது நொதி சாகிறது. ஆனால் அது செய்ய வேண்டிய வேலையை முன்பே செய்து முடித்துவிட்டது. அல்லிசின் நிலையில்லாத பொருள். சூட்டில் அது உடைந்து டைசல்ஃபைடு, ட்ரைசல்ஃபைடு என்ற வகைப் பொருள்களாக மாறுகிறது. இவை எளிதில் ஆவியாகும். ரசத்தின் ஆவியோடு சேர்ந்து மேலே கிளம்புகின்றன. 1844இல் வெர்தைம் வாலையில் வடித்த அதே எண்ணெய்தான் இது. அவர் அதைக் குப்பியில் பிடித்தார், ரசம் வைப்பவர் வீட்டுக்குள் விடுகிறார். நுரை கட்டியதும் ரசத்தை இறக்கிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் நல்ல வேதியியல் இருக்கிறது. தொடர்ந்து கொதித்தால் அந்த மணம் அத்தனையும் காற்றோடு போய்விடும், ரசத்தில் நிற்காது.

மூன்றாவது, பச்சையாக அரைத்த பூண்டு மிளகாய்ச் சட்னி. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள நல்லெண்ணெய் ஊற்றித் தருவார்கள். இதில் அடுப்புக்கே வேலை இல்லை, எனவே அல்லிசின் சிதையாமல் அப்படியே இருக்கிறது. நாக்கிலும் வாயிலும் உள்ள நரம்பு நுனிகளில் டிஆர்பிஏ1 என்று பெயரிடப்பட்ட ஓர் உணர்வி உண்டு. எரிச்சலூட்டும் பொருள்களைக் கண்டறிந்து மூளைக்கு எச்சரிக்கை அனுப்புவது அதன் பணி. அரைத்த கடுகின் காரத்தை அறிவதும் அதுவே. அல்லிசின் அதைத்தான் தூண்டுகிறது. பச்சைப் பூண்டு சுவைப்பதைவிடச் சுடுவதுபோல் தோன்றுவது அதனால்தான்.

எண்ணெயில் தட்டிய பூண்டைப் போடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கொதிநீரில் 100 டிகிரிக்கு மேல் சூடு ஏறாது. எண்ணெயில் ஏறும். நசுங்கிய பூண்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெளியே கிடக்கின்றன. துகள் சிறியது, ஈரமும் குறைவு. சூடான எண்ணெயில் அது சில நொடிகளில் பொன்னிறத்தைத் தாண்டிக் கருகிக் கசப்பாகிவிடும். வெங்காயத்தை முதலில் போட்டு வதக்கிய பிறகு பூண்டைச் சேர்ப்பது இதற்கு நல்ல மருந்து. வெங்காயம் விடும் நீர், சட்டியின் சூட்டை அதிகம் ஏறவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பூண்டின் ஓரம் வெளுத்த மஞ்சளிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வரும்போதே அடுத்த பொருளைச் சேர்த்துவிட வேண்டும். பழுப்பு தெரியத் தொடங்கிய பிறகு கையை நீட்டினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

பத்து நிமிட இடைவெளி

2001இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓர் எளிய கேள்வியைச் சோதித்தார்கள். எலிகளின் உடலில் புற்றுநோய் தூண்டும் ஒரு பொருளின் பாதிப்பைப் பூண்டு குறைப்பது முன்பே தெரிந்திருந்தது. வேகவைத்த பூண்டும் அதைச் செய்யுமா? முழுப் பூண்டை மைக்ரோவேவ் அடுப்பில் 60 நொடி வைத்தபோதே அந்தப் பலன் காணாமல் போனது. ஆனால் பூண்டை முதலில் நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு அதே 60 நொடி சூடாக்கியபோது பலனில் ஒரு பகுதி தங்கியது. சூடு ஒன்றுதான், பூண்டும் ஒன்றுதான். மாறியது நசுக்குவதற்கும் சூடாக்குவதற்கும் இடையே விட்ட நேரம் மட்டுமே.

எலிகளில் கண்டதை மனிதர்கள் மேல் அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது. பூண்டு நோயைத் தடுக்கும் என்று இதை வைத்து யாரும் முடிவு கட்டவும் கூடாது. ஆனால் நொதி எப்போது வேலை செய்கிறது, எப்போது சாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மணத்துக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். தட்டிய கையோடு கொதிக்கும் நீரில் போட்டால் நொதியின் வேலை பாதியில் நின்றுவிடலாம். தட்டி வைத்துவிட்டு, புளி கரைத்து, தக்காளி பிசைந்து முடித்தபின் போட்டால் முழு மணமும் உண்டாகியிருக்கும்.

வெங்காயத்தின் கண்ணீர்

வெங்காயத்தில் இருக்கும் மூலப்பொருள், பூண்டின் அல்லினுக்கு உடன்பிறப்பு. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் ஓரிடம் தள்ளி இருக்கிறது. அந்தச் சிறு மாற்றம்தான் ஒன்றை உறைக்கவும் மற்றொன்றை அழவைக்கவும் செய்கிறது.

வெங்காயத்தை வெட்டியதும் அங்கேயும் அல்லினேஸ் தன் வேலையைச் செய்து குறுகிய ஆயுள் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் தானாகவே உருமாறிக் கண்ணீர்ப் பொருளாகிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1945இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற பின்லாந்து நாட்டு ஆர்த்தூரி வீர்த்தானென் 1960களில் இந்த வேதிப்பாதையை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். பூண்டையும் வெங்காயத்தையும் சேர்த்து அரைத்தால் ஏன் பச்சை நிறம் தட்டுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்த ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள், 2002இல் இன்னொரு நொதி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த அமிலத்தைப் பிடித்து, கண்ணீர் வரவழைக்கும் ஆவியாக மாற்றுவது அந்த இரண்டாவது நொதிதான். பின்னர் அதே நிறுவனம் கண்ணீர் வராத வெங்காயத்தையும் வளர்த்தெடுத்தது. அதில் அல்லினேஸின் செயல்பாடே மிகக் குறைவு. கண் எரியவில்லை, ஆனால் காரமும் உடன் போய்விட்டது.

அந்த ஆவி காற்றில் மிதந்து கண்ணுக்கு வரும்போது, விழியின் நரம்பு நுனிகளில் இருக்கும் டிஆர்பிஏ1 உணர்வியைத் தொடுகிறது. பூண்டுச் சட்னி நாக்கில் தூண்டிய அதே உணர்விதான். கண் தன்னைக் கழுவிக்கொள்ள நீரை விடுகிறது. மொட்டைக் கத்தி இதை மோசமாக்கும். அது வெங்காயத்தை வெட்டுவதற்குப் பதில் அழுத்துகிறது. உள்ளே அழுத்தம் கூடி, தோல் கிழியும்போது சாறு நுண்துளிகளாகத் தெறிக்கிறது. கூர்மையான கத்தியால், நிதானமாக நறுக்கினால் தெறிப்பும் குறையும், உடையும் செல்களும் குறையும்.

காரம் விளைந்த மண்ணையும் பொறுத்தது. இந்தப் பொருள்கள் அனைத்துக்கும் அடிப்படை கந்தகம், அதை வெங்காயம் மண்ணிலிருந்து எடுக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விளையும் விடாலியா வெங்காயம் பச்சையாகக் கடித்துத் தின்னும் அளவுக்குச் சாதுவாக இருப்பதற்கு அங்குள்ள கந்தகம் குறைந்த மண் முக்கியக் காரணம். நம் சின்ன வெங்காயத்தின் அடர்த்தியான சுவைக்கு அதில் நீர் குறைவாக இருப்பதும் காரணம். பெரிய வெங்காயத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 89 கிராம் நீர். சின்ன வெங்காய இனங்களில் அது 80 கிராமை ஒட்டியே இருக்கும்.

வதக்கும்போது

வெங்காயம் வதங்கும்போது இனிப்பு எங்கிருந்து வருகிறது? காரப்பொருளே சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பான ஏதோ ஒன்றாக மாறுகிறது என்று பழைய நூல்கள் சிலவற்றில் எழுதியிருப்பார்கள். அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கணக்கு அதைவிட எளியது. ஒரு கிலோ பெரிய வெங்காயத்தில் சுமார் 40 கிராம் சர்க்கரை முதலிலேயே இருக்கிறது. நிதானமாக வதக்கி அது 300 கிராமாகச் சுருங்கினால், அதே 40 கிராம் இப்போது அந்த 300 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. நூற்றுக்கு 4 என்றிருந்த இனிப்பு நூற்றுக்கு 13 ஆகிறது. காரம் ஆவியாகிப் போய்விட்டதால் நாக்கு அதை மறைவின்றி உணர்கிறது.

வதக்கலின் படிகளைச் சமையல் குறிப்புகள் அழகாகச் சொல்கின்றன. முதலில் கண்ணாடிப் பதம். செல்சுவர்கள் தளர்ந்து, உள்ளிருந்த காற்று வெளியேறி, நீர் அந்த இடத்தை நிரப்புவதால் துண்டு ஒளி ஊடுருவும்படி ஆகிறது. இந்தக் கட்டத்தில் நொதி செத்துவிட்டது, பச்சை வாசனை போய்விட்டது. ஆனால் நீர் இன்னும் இருப்பதால் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நிறம் மாறாது. நீர் வற்றி, சட்டியில் சலசலப்பு அடங்கி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் தெரியும்போதுதான் துண்டின் மேற்பரப்பு 140 டிகிரியை நோக்கி ஏறுகிறது. அப்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகும் வினை வேகம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாக வதக்கவும் என்று எழுதியிருப்பதை நம்பி அடுப்பைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு வேகாது. ஒரு கிலோ வெங்காயத்தை உண்மையிலேயே பழுப்பாக்க முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். தொடக்கத்தில் உப்புச் சேர்த்தால் நீர் சீக்கிரம் வெளியேறும்.

இதற்கிடையே யாரும் எதிர்பாராத ஒன்று நடக்கிறது. கண்ணைக் கரித்த அந்தப் பொருளின் சிதைவிலிருந்து, பல படிகள் தாண்டி, இறைச்சிச் சாற்றின் மணம் கொண்ட ஒரு கந்தகப் பொருள் உருவாகிறது. மனித மூக்கு அதை மிக மிக நுண்ணிய அளவிலேயே கண்டுகொள்ளும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதை அடையாளம் கண்டது 2000ஐ ஒட்டித்தான். வெங்காயத்தை வெட்டினால்தான் அது உருவாகும். வெட்டிய வெங்காயத்தைச் சிறிது நேரம் வைத்திருந்து சமைத்தால் அதன் அளவு கூடுகிறது. பூண்டில் இது கிடையாது. கறியே இல்லாத குருமாவில் வெங்காயம் கறியின் ஆழத்தைக் கொண்டுவருவதற்கு இது ஒரு காரணம்.

அரைப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பச்சை வெங்காயத்தை மிக்சியில் விழுதாக அரைத்து வைத்தால் கசப்பும் கடுநெடியும் ஏறிவிடும். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் உடைந்து, நொதிக்குத் தடையே இல்லாமல் போவதுதான் காரணம். வதக்கி, ஆறவைத்து, பிறகு அரைத்தால் அது நடக்காது, ஏனென்றால் அரைக்கும்போது நொதி உயிரோடு இல்லை.

இந்த முறைக்கு நேர் எதிரானது தஞ்சை, செட்டிநாட்டு வீடுகளின் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், உப்புச் சேர்த்துப் பிசைந்து, இரவு முழுக்க மூடி வைப்பார்கள். நொதிக்கு அவ்வளவு நேரமும் வேலை. மறுநாளிலிருந்து வெயில். பல நாள் காய்ந்து, உருட்டி, கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால் ஆண்டு முழுக்க வரும். காரநெடி வெயிலில் அடங்கிவிடும். ஆவியாகாமல் தங்கிய கந்தகப் பொருள்களும் செறிந்த சர்க்கரையும் உள்ளே காத்திருக்கும். ஒரு சிட்டிகை எண்ணெயில் பொரிந்தால் கீரைக் கூட்டின் முகமே மாறிவிடுகிறது. அதை முதலில் செய்தவர்களுக்கு அல்லினேஸ் தெரியாது. ஆனால் இடித்து, காத்திருந்து, பிறகு காயவைக்க வேண்டும் என்ற வரிசை தெரிந்திருந்தது.

பச்சையாகச் சாப்பிடும்போது

தயிர்ப் பச்சடிக்கு நறுக்கிய வெங்காயம் காரமாக இருந்தால் தண்ணீரில் அலசுவது வழக்கம். உடைந்த செல்களின் சாறு வெட்டுமுகத்தில்தான் படிந்திருக்கும். அலசினால் அது போய்விடும், உள்ளே முழுதாக உள்ள செல்கள் அப்படியே இருக்கும். எலுமிச்சைச் சாறும் உதவும், ஆனால் அதிலும் வரிசை முக்கியம். கடும் அமிலத்தில் அல்லினேஸ் செயலிழக்கும். எனவே பூண்டை எலுமிச்சைச் சாற்றுக்குள்ளேயே போட்டு நசுக்கினால் நெடி அடங்கும். நசுக்கி ஐந்து நிமிடம் கழித்துப் பிழிந்தால் பயன் குறைவு, அல்லிசின் அதற்குள் உண்டாகிவிட்டது.

சாப்பிட்ட பிறகு மணிக்கணக்கில் வாயில் அடிக்கும் நாற்றத்துக்குப் பல் துலக்குவது போதாது. அல்லைல் மெத்தைல் சல்ஃபைடு என்ற பொருள் குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சில் வெளியேறுகிறது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கு மருந்தும் நம் இலையிலேயே இருக்கிறது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் தயிரைப் பூண்டோடு கலந்து குப்பிகளில் அளந்து பார்த்தார்கள். முழுக்கொழுப்புத் தயிர் பச்சைப் பூண்டின் மணப்பொருள்களை ஏறத்தாழ முழுதுமாக அடக்கியது. தயிரின் புரதமும் கொழுப்பும் சேர்ந்து அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. வறுத்த பூண்டில் ஆவியாகும் பொருள்கள் முதலிலேயே குறைவு, அதில் தயிர் அடக்கிய விகிதமும் பச்சைப் பூண்டைவிடக் குறைவாகவே இருந்தது. அது குப்பிச் சோதனை, மனித மூச்சில் செய்தது அல்ல. ஆனாலும் பூண்டு அதிகம் சேர்த்த சாப்பாட்டைத் தயிர்ச்சோற்றோடு முடிப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

அடுத்த முறை ரசம் வைக்கும்போது பூண்டைக் கடைசியில் தட்டாமல் முதலில் தட்டி வையுங்கள். புளி ஊறும் நேரம் அதற்குப் போதும்.